ஜன்னலுக்கு எதிரே பிடித்த இருபது டாலர்

எங்கள் கடையில் ஆளைப் பார்த்துப் பணம் தருவதில்லை, நோட்டைப் பார்த்துத்தான் தருவோம். அடையாள அட்டை, கையெழுத்து, கைநாட்டு எதுவும் கேட்க மாட்டோம். பணம் வாங்க வேண்டியவர் தன்னிடமுள்ள டாலர் நோட்டு ஒன்றைப் படம் பிடித்து எங்களுக்கு அனுப்புவார். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிறவருக்கும் அதே படம் போகும். பிறகு அந்த நோட்டோடு யார் வந்து நிற்கிறாரோ அவருக்குப் பணம். பஸ்ராவில் ஹவாலா நடத்துகிற எல்லோருக்கும் இதுதான் சட்டம். நோட்டுதான் ஆள்.

என் அண்ணன் முஹன்னத் இதில் ஒரு விதி சேர்த்திருந்தான். அடையாள நோட்டு இருபது டாலராக இருக்க வேண்டும். ஒரு டாலர் நோட்டில் பாதுகாப்பு என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஐந்தில் நிறம் மாறும் மை கிடையாது. இருபதில் எல்லாம் உண்டு. கணக்கு முடிந்ததும் கடை கிழித்துப்போடும் ஒரு அடையாளத்துக்கு இருபது டாலரை இழப்பதா என்று ஜனங்கள் முணுமுணுப்பார்கள். "முணுமுணுத்தா முணுமுணுக்கட்டும், வயிறெரிஞ்சு வந்து நம்ம வாசல்ல அழக் கூடாது" என்பான் அண்ணன். அன்றைக்கு அந்த விதி மட்டும் இல்லாவிட்டால் ஒரு மனிதனின் உயிர் போயிருக்கும்.

என் பெயர் இப்திஹால். கடையில் பெண்கள் பக்கத்து ஜன்னல் என்னுடையது. ஆண்கள் பக்கத்துக்கும் எனக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு, ஆள் உயரம். நான் உட்காரும் இடத்திலிருந்து இரண்டு ஜன்னலும் கைக்கு எட்டும். ஆனால் வெளியே நிற்கிற ஆண்களும் பெண்களும் ஒருவரையொருவர் பார்க்க முடியாது. அன்று அண்ணன் காவலாளி அபூ சஜ்ஜாதைக் கூட்டிக்கொண்டு பெரிய வியாபாரியிடம் டாலர் எடுக்கப் போயிருந்தான். கடையில் நான் மட்டும்.

விதாத் என்ற பெண்ணுக்கான பணத்தைத்தான் எடுக்கப் போயிருந்தார்கள். அவளை நான் பார்த்ததில்லை, போனில் அழுகையைத்தான் கேட்டிருக்கிறேன். அவள் புருஷன் முஹ்சினை வியாழக்கிழமை சாலையில் மறித்துத் தூக்கிப் போய்விட்டார்கள். பதினைந்தாயிரம் டாலர் கேட்டார்கள். ஸ்வீடனிலிருக்கும் அவள் தம்பி காரை விற்று, கடன் வாங்கி, எங்கள் வழியாக அனுப்பியிருந்தான். பணம் அன்று மாலைக்குள் போய்ச் சேராவிட்டால் முஹ்சினைத் துண்டு துண்டாகத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சொல்லியிருந்தார்களாம்.

ஆண்கள் பக்கம் முதலில் ஆள் வந்தது. முப்பத்தைந்து வயதிருக்கும். சுத்தமாகச் சவரம் செய்த முகம், வியர்வையே இல்லை. இந்த ஊரில் ஆகஸ்ட் வெயிலில் வியர்க்காத மனிதனை நம்பவே கூடாது.

"அக்கா, ஸ்வீடன் பணம். விதாத் அனுப்பினா. பாவம், பொம்பளை, எப்படி வருவா? நான் அவ வீட்டுக்காரருக்கு ஒண்ணுவிட்ட தம்பி" என்று ஒரு நோட்டைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினான்.

அலுவலகப் போனில் விதாத் அனுப்பிய படத்தைத் திறந்தேன். எண்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தேன். முதல் எழுத்து, கடைசி எழுத்து, நடுவிலிருந்த எண்கள் எல்லாம் பொருந்தின. நியாயப்படி நான் "இருங்க தம்பி, பணம் வந்துடும்" என்று சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தும் விட்டேன்.

அப்போதுதான் நோட்டு என்னைப் பார்த்து விழித்தது.

என் மேசை கறுப்புக் கண்ணாடி போட்டது. அதன் மேல் மல்லாந்து கிடந்தது அந்த இருபது டாலர். அதன் வலப்பக்கத்து வெற்றிடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு முகம் தெரிந்தது. நோட்டின் நடுவிலிருக்கும் தலைவர் படத்துக்கு இடப்பக்கம் மேலிருந்து கீழாக ஒரு கரிய கோடு ஓடியது. அடி அம்மா! மேசையில் கிடக்கிற நோட்டில் இது இரண்டும் இப்படித் தெரியவே கூடாது.

தினமும் நூறு நோட்டைத் தொடுகிறவளுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டாம். வாட்டர்மார்க் என்பது மையால் போட்டதல்ல. காகிதம் செய்யும்போதே சில இடத்தில் கனமாகவும் சில இடத்தில் மெல்லியதாகவும் விட்டு உண்டாக்கிய முகம். பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால்தான் அது எழுந்து வரும், கீழே வைத்தால் போய்விடும். இழையும் அப்படித்தான். காகிதத்துக்குள்ளே புதைந்து கிடக்கும். தூக்கிப் பிடித்தால் கோடாகத் தெரியும், அதில் பொடி எழுத்தில் நோட்டின் மதிப்பும் இருக்கும். நகலெடுக்கும் இயந்திரம் மேலே உள்ளதைத்தான் பார்க்கும், உள்ளே இருப்பதை அதனால் பார்க்க முடியாது. அதற்காகத்தான் இவற்றை உள்ளே வைத்திருக்கிறார்கள்.

இந்த நோட்டிலோ முகமும் கோடும் மேலேயே அப்பிக்கிடந்தன. அப்படியென்றால் இதை அச்சடித்தவன் நிஜ நோட்டைப் பார்த்ததே இல்லை. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து எடுத்த ஒரு படத்தைப் பார்த்து அப்படியே அச்சடித்திருக்கிறான். படத்தில் தெரிந்ததையெல்லாம் மூடன் மையால் போட்டுவிட்டான்.

எண்ணைச் சரிபார்ப்பதுபோல் மூலையைச் சாய்த்துப் பார்த்தேன். கீழ் வலப்பக்கத்து 20 செம்பு நிறமாக இருந்தது. சாய்த்தால் பச்சையாக வேண்டும். இப்படிச் சாய்த்தேன், அப்படிச் சாய்த்தேன், செம்பு செம்பாகவே இருந்தது. கேமராவுக்கு ஒரு கோணம்தான். அந்த நேரத்தில் எந்த நிறம் தெரிந்ததோ அதுதான் படத்தில் விழும். நிறம் மாறுவதைப் படம் பிடித்து அச்சடிக்க எவனாலும் முடியாது.

புற ஊதா விளக்குப் பெட்டியை அருகில் இழுத்து, நோட்டை அதற்குள் நுழைத்தேன். நல்ல நோட்டு அந்த வெளிச்சத்தில் மங்கிக் கிடக்கும், இழை மட்டும் பச்சையாக எரியும். இது முழுவதும் வெள்ளை வேட்டிபோல் பளீரென்றது. பள்ளிக்கூடத்து நோட்டுக் காகிதத்துக்குத்தான் இந்தப் பளபளப்பு. கோடு எரியவே இல்லை.

"என்னக்கா, இவ்வளவு நேரம்? நம்பர் சரியா இல்லையா?"

"சரியாத்தான் இருக்கு தம்பி. பணம் இப்ப கையில இல்ல. அண்ணன் எடுத்துட்டு வர்றாரு. உக்காருங்க."

"நான் உக்கார வரல" என்றான். சட்டையின் முன்பக்கத்தை வெக்கைக்கு உதறுவதுபோல் லேசாகத் தூக்கிவிட்டான். இடுப்பில் துப்பாக்கியின் பிடி தெரிந்தது. "பெட்டியில இருக்கறதைக் குடு. மீதியை அப்புறம் வாங்கிக்கறேன். ஒரு மனுஷன் உசுரு போயிட்டிருக்கு, தெரியுமா உனக்கு?"

என்ன நெஞ்சழுத்தம்! உயிர் போவதை எனக்குச் சொல்லித் தருகிறான். பெட்டியில் தினார்க் கட்டுகள்தான் இருக்கின்றன, டாலர் வந்துகொண்டே இருக்கிறது என்று ஏதேதோ உளறினேன்.

அந்த நேரம் பார்த்துப் பெண்கள் பக்கத்துக் கதவு திறந்தது. கறுப்பு அபாயா அங்கியில் ஒரு பெண். கண்ணைச் சுற்றி வீங்கியிருந்தது. ஒன்றும் பேசாமல் ஒரு நோட்டை என் பக்கம் தள்ளினாள். இருபது டாலர். எண்ணைப் பார்த்தேன், அதே எண்.

விதாத்!

பலகைக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் இவள். நடுவில் என் மேசையில் ஒரே எண்ணோடு இரண்டு நோட்டு. அவள் வாயைத் திறந்து தன் பெயரைச் சொல்லிவிட்டால் அவன் பலகையைச் சுற்றி வந்து நிஜ நோட்டைப் பிடுங்கிக்கொள்வான். நோட்டு யார் கையிலோ அவனுக்குத்தான் பணம். சட்டம் என்னையே கட்டிப்போட்டுவிடும். உதட்டில் விரலை வைத்து அவளை முறைத்தேன். வாயில் வந்த ஒரு பெயரைச் சொல்லி, அவன் காதில் விழும்படி அதட்டினேன்: "உம்மு ஜவாத், உன் மகன் அனுப்பினது இன்னும் வரலடி. தினம் வந்து நின்னா நான் என்ன அச்சடிச்சா தருவேன்? உக்காரு அப்படி!"

என் வாயில் அந்த நேரத்தில் 'அச்சடிச்சு' என்ற சொல் எப்படி வந்ததோ! பலகைக்கு அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் நின்று மறுபடி வந்தது.

விதாத் திகைத்துப்போய்ப் பின்னால் நகர்ந்தாள். ஆனால் அவள் கண் என் மேசையில் விழுந்துவிட்டது. தன் நோட்டையும், விளக்குப் பெட்டிக்குள் பளபளத்த அதே எண் நோட்டையும் பார்த்தாள். அவள் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை நான் பார்த்தேன். அபாயாவின் முனையை வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டாள். புண்ணியவதி, ஒரு முனகல்கூட வெளியே விடவில்லை.

அவளுடைய நோட்டை மடியில் வைத்துக்கொண்டு மெல்ல ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினேன். மேசையில் வைத்தபோது வெறுமையாக இருந்த இடத்தில் அந்த அமெரிக்கக் கிழவனின் முகம் மெதுவாக எழுந்து வந்தது. இழை வந்தது. சாய்த்தேன், செம்பு பச்சையானது. 'அல்ஹம்துலில்லாஹ்' என்று மனதுக்குள் சொன்னேன். இவள்தான். இனி என்ன ஆனாலும் அவனுக்கு ஒரு காசு கொடுப்பதில்லை என்று தீர்மானித்தேன்.

"நோட்டைத் திருப்பிக் குடு" என்றான் திடீரென்று.

"காட்டின நோட்டைக் கடை வச்சுக்கும் தம்பி. கணக்கு முடிஞ்சதும் கிழிச்சுப் போட்டுடுவோம். உங்களுக்குத் தெரியாததா?"

"குடுன்னு சொன்னேன்ல!" துப்பாக்கி வெளியே வந்துவிட்டது. அதன் வாய் கண்ணாடித் துவாரத்தில் என் நெற்றிக்கு நேராக இருந்தது. எனக்குக் காது அடைத்துப்போனது. சாகும்போது சொல்ல வேண்டிய கலிமாவைச் சொல்ல முயன்றேன், பாதியில் மறந்துவிட்டது. நாற்பது வருஷமாகச் சொல்லி வந்தது பாதியில் மறந்துவிட்டது!

வாசலில் வண்டிக் கதவு அறையும் சத்தம். அபூ சஜ்ஜாதின் அந்தப் பாழாய்ப்போன இருமல். அந்த இருமலை நான் எத்தனை நாள் திட்டியிருக்கிறேன், அன்றைக்கு அது பாங்கு சத்தம்போல் இருந்தது. ஜன்னலில் நின்றவன் துப்பாக்கியைச் செருகிக்கொண்டு, அண்ணனை இடித்துத் தள்ளிவிட்டு, சந்தைக் கூட்டத்துக்குள் ஓடியே போனான். நோட்டு என் விளக்குப் பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

கதவைத் தாழிட்டு, விதாத்தை உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தோம். குவளை பல்லில் இடித்துத் தண்ணீர் பாதி கீழே போனது.

"கேள்வி ஒண்ணுதான்" என்றேன். "எனக்கு நீ அனுப்பின படம் மேசையில வச்சு எடுத்தது. அதுல முகமும் இல்ல, கோடும் இல்ல, இருபது பச்சையா இருக்கு. இவன் கொண்டு வந்தது வேற படத்தைப் பார்த்து அச்சடிச்சது. ஜன்னலுக்கு எதிரே பிடிச்சு எடுத்த படம். அப்படி ஒண்ணு எடுத்தியா?"

"எடுத்தேன்."

"யாருக்கு அனுப்பின? குடும்பக் குரூப்ல போட்டியா?"

"ஐயோ, இல்லக்கா. ஒருத்தருக்குத்தான். அவர்தான் கேட்டாரு. 'அண்ணி, கள்ள நோட்டா இருந்துடப் போகுது, வெளிச்சத்துல பிடிச்சு முகம் தெரியற மாதிரி ஒண்ணு எடுத்து அனுப்புங்க, நான் பார்த்துச் சொல்றேன்'னு..." சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டாள். கண் அகன்றது. "இல்ல. இருக்காது. ஃபாலிஹ் அப்படிச் செய்வாரா? என் வீட்டுக்காரரோட கூடப் பிறந்த தம்பிக்கா. கடத்தினவங்ககிட்ட பேசறதே அவர்தான். மூணு நாளா எங்க வீட்டுத் தரையிலதான் படுத்திருக்காரு. என்னைவிட அதிகமா அழறாரு."

"அழுவான். அழாம என்ன பண்ணுவான்" என்றான் அண்ணன். "அப்பன் வீட்டை விக்கறதுல அவனுக்கும் முஹ்சினுக்கும் சண்டைன்னு ஊருக்கே தெரியும். இந்தப் பணம் திருட்டுப் போச்சுன்னா நீ என்ன செய்வே? புருஷனை மீட்க அந்த வீட்டை விக்கச் சம்மதிப்பே. ஒரே ஆட்டை ரெண்டு தடவை அறுக்கப் பாத்திருக்கான், நாய்க்குப் பிறந்தவன். நான் போலீஸைக் கூப்பிடறேன்."

"வேண்டாம்!" என்று அவன் கையைப் பிடித்துவிட்டாள் விதாத். அந்நிய ஆணின் கை என்பதுகூட அவளுக்கு நினைவில்லை. "போலீஸ் போய்ச் சேரறதுக்குள்ள அவரைக் கொன்னுடுவாங்க. ஃபாலிஹ் திருடன் மட்டும்தானா, கடத்தினதும் அவன்தானான்னு நமக்கு எப்படித் தெரியும்? திருடன் மட்டும்னா, பணத்தைக் கொண்டுபோய் வேற யார்கிட்டயோ குடுத்தாகணும். யார்கிட்ட? எங்க? வழி தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தான்."

அவள் சொன்னது சரி. அந்த நேரத்தில் அவள் போன் மணியடித்தது. திரையில் ஃபாலிஹ் என்று இருந்தது. மூவரும் பாம்பைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

விதாத் போனை எடுக்கவில்லை. என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். "அந்தக் கள்ள நோட்டைக் குடுங்கக்கா."

வாங்கிக்கொண்டு ஜன்னலடியில் போய் நின்றாள். ஒரு கையில் கள்ள நோட்டு, ஒரு கையில் தன் நோட்டு, இரண்டையும் பின்புறத்தைக் காட்டி வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தாள். "எடுங்க" என்றாள். நான் அவள் போனில் படம் எடுத்தேன். நிஜ நோட்டுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை, எந்தப் பக்கம் பார்த்தாலும் முகமும் இழையும் தெரியும். கள்ள நோட்டில் முன்பக்கம் மட்டும் மை பூசியிருந்ததால் பின்னாலிருந்து பார்க்க அழுக்குத் திட்டுதான் தெரிந்தது. மேசையில் வைத்து இன்னொரு படம். ஒரே எண் இரண்டிலும் தெளிவாக விழுந்தது. அதோடு, ஜன்னல் படம் கேட்டு ஃபாலிஹ் அனுப்பிய செய்தியையும் சேர்த்தாள்.

கீழே எழுதினாள். எழுத்து மாறிப்போய், அழித்து அழித்து எழுதினாள். 'பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்வதற்குள் உன் அண்ணன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்க வேண்டும். இல்லாவிட்டால் இந்தப் படங்கள் நம் கோத்திரத்து ஷேக்கிடமும் உன் தாயிடமும் போகும். அவர் வந்துவிட்டால் இதை நான் யாரிடமும் காட்ட மாட்டேன்.'

"அடி பெண்ணே, யோசிச்சுக்கோ" என்றேன். "மூலையில மடக்கின பூனை மூஞ்சில பாயும். உன் புருஷனையே இல்லாம பண்ணிட்டா?"

"தெரியும்" என்றாள். "எனக்கு வேற வழி தெரியலக்கா." அனுப்பிவிட்டாள்.

செய்தி போய்ச் சேர்ந்ததற்கான குறி வந்தது. படித்ததற்கான நீலக் குறி உடனே வந்தது. பதில் வரவில்லை. போன் மணியும் அதோடு நின்றுபோனது, அதுதான் இன்னும் பயங்கரமாக இருந்தது.

பணத்தை அண்ணன் ஒரு பையில் போட்டுத் தயாராக வைத்தான், ஒருவேளை கேட்டால் கொடுக்க. கடையை அன்று மறுபடி திறக்கவே இல்லை. விதாத் தரையில் உட்கார்ந்து சுவரில் தலையை இடித்துக்கொண்டே இருந்தாள். "நான்தான் கொன்னேன், நான்தான் கொன்னேன்" என்று ஒரே பாட்டு. நான் அதட்டினேன், கெஞ்சினேன், கடைசியில் நானும் சேர்ந்து அழுதேன். அண்ணன் ரொட்டி வாங்கி வந்தான், யாரும் தொடவில்லை. பொழுது சாய்ந்துகொண்டே போனது.

பாங்கு சொல்ல ஆரம்பித்தபோது அவள் பக்கத்து வீட்டுக்காரி போனில் கத்தினாள்: "விதாத், எங்கடி இருக்கே? உன் புருஷன் வந்துட்டாரு! செருப்புகூட இல்ல, ஆனா முழுசா வந்துட்டாரு!"

விதாத் அப்படியே என் மடியில் விழுந்தாள்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை யாருக்கும் சொல்லியிருக்க மாட்டேன். மூன்றாம் நாள் இருவரும் ஸ்வீடனுக்குப் பணத்தைத் திருப்பி அனுப்ப வந்தார்கள். முஹ்சின் ஆண்கள் பக்கம், விதாத் என் பக்கம். முஹ்சின் நல்ல மனிதர். மணிக்கட்டில் கயிற்றுத் தழும்பு ஆறவில்லை, வாயெல்லாம் சிரிப்பு.

"என் தம்பி மாதிரி ஒரு தம்பி யாருக்கு வாய்ப்பான், முஹன்னத்?" என்று அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "இந்தப் பணத்தைத் தொடவே விடல பாருங்க. ராத்திரியோட ராத்திரியா கடன் வாங்கிக் கட்டியிருக்கான். கண்கட்டை அவிழ்த்ததும் முதல்ல பார்த்தது அவன் முகத்தைத்தான். நான் அவனுக்கு என்ன செஞ்சேன்? வீட்டுக்காக அஞ்சு வருஷம் மூஞ்சி குடுத்துப் பேசல. இனிமே எதுக்கு அந்த வீடு எனக்கு? இங்கேருந்து நேரா பத்திர ஆபீஸுக்குத்தான் போறேன். என் பங்கை அவன் பேருக்கே எழுதிக் குடுத்துடறேன்."

அண்ணன் குனிந்து தினார்க் கட்டுக்கு ரப்பர் போட்டுக்கொண்டிருந்தான், போட்டதையே மறுபடி போட்டுக்கொண்டிருந்தான். நான் விதாத்தைப் பார்த்தேன். யாரிடமும் காட்ட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவள். சொன்னால் அண்ணன் தம்பிக்குள் ரத்தம் ஓடும். சொல்லாவிட்டால் கொள்ளையடித்தவன் கையில் வீட்டையும் கொடுத்து, காலமெல்லாம் அவனை 'தம்பி, தம்பி' என்று கூப்பிட்டு விருந்து வைக்க வேண்டும். இன்னொரு முறை அவனுக்குப் பணத்தேவை வந்தால்? அந்தக் கேள்வி அவள் கண்ணில் இருந்தது. அதைவிடப் பெரிய பயத்தை நான் அன்று துப்பாக்கிக்கு முன்னால்கூடப் படவில்லை.

இழுப்பறையில் இரண்டு நோட்டும் இருந்தன. கணக்கு முடிந்ததும் கிழிக்க வேண்டியவை, கிழிக்க மனம் வரவில்லை. எடுத்து அவள் முன் வைத்தேன். இப்படிச் செய் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை?

அவள் இரண்டையும் எடுத்துக்கொண்டு எழுந்தாள். பலகைத் தடுப்பைச் சுற்றிக்கொண்டு, எந்தப் பெண்ணும் போகாத ஆண்கள் பக்கம் போனாள். புருஷன் கையில் இரண்டு நோட்டையும் வைத்தாள்.

"வெளிச்சத்துல தூக்கிப் பாருங்க" என்றாள்.

முஹ்சின் சிரித்துக்கொண்டே ஒன்றைத் தூக்கினார், திருப்பினார். மற்றதைத் தூக்கினார், திருப்பினார். எண்ணைப் படித்தார். மறுபடி படித்தார். பஸ்ராவில் பிறந்து வளர்ந்தவருக்கு அடையாள நோட்டு என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. சிரிப்பு போய்விட்டது. கையை இறக்காமலே, நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே, மெல்லிய குரலில் கேட்டார்:

"விதாத், படத்தை யாருக்கு அனுப்பின?"